அட்டவணை சரி, விடை தவறு: நெல்லைப் பயணத் திட்டமிடலில் அறிகுறி வழியாகப் பிழை காணுதல்

பேருந்து, ரயில் கால அட்டவணைகளைக் கோப்பாக வாங்கி, அவற்றிலிருந்து "இங்கிருந்து அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்" என்று சொல்லும் நிரல் எழுதுவோருக்கு ஒரு சிக்கல் உண்டு. நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல், பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் ஒரு நேரத்தைத் தவறாகச் சொல்லிவிடும். அந்தத் தவறான நேரமே பெரும்பாலும் பிழை எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும். ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு எந்தத் தவறான விடை வந்தால் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று பார்ப்போம். அட்டவணை, பொதுப் போக்குவரத்து நேரங்களைப் பகிரப் பயன்படும் ஜி.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு வடிவில் இருப்பதாகவும், தேடல் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறும்பாதை வழிமுறையின்மேல் கட்டப்பட்டதாகவும் கொள்கிறேன்.

சோதனைக் கேள்வி

ஒருவர் அம்பாசமுத்திரத்தில் காலை 7:00 மணிக்குத் தயாராக இருக்கிறார். ரயில் நிலையம், பேருந்து நிலையம் இரண்டுமே அவருக்கு எட்டும் தூரம்தான். அவர் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். கீழே உள்ள நேரங்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. இவற்றை நம்பி யாரும் வண்டி ஏற வேண்டாம்.

- ரயில்: அம்பாசமுத்திரம் 7:20, திருநெல்வேலி சந்திப்பு 8:15.
- நகரப் பேருந்து, சந்திப்பிலிருந்து வண்ணார்பேட்டை வழியாக வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம்: 8:18 புறப்பட்டு 8:36, 8:30 புறப்பட்டு 8:48.
- நேரடிப் பேருந்து: அம்பாசமுத்திரம் 7:25, புதிய பேருந்து நிலையம் 8:57.
- புதிய பேருந்து நிலையத்திலிருந்து வடசேரி: சாதாரணப் பேருந்து 8:45 புறப்பட்டு 10:50, சாதாரணப் பேருந்து 9:00 புறப்பட்டு 11:05, இடையில் நிற்காத என்ட் டு என்ட் பேருந்து 9:15 புறப்பட்டு 10:55.

ரயில் மேடையிலிருந்து சந்திப்புப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்க 8 நிமிடம், புதிய பேருந்து நிலையத்துக்குள் வண்டி மாற 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 10:55. இதைக் கையால் கணக்கிட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் நிரலைத் தொட வேண்டும்.

அறிகுறி: வருகை 9:53 என்கிறது

மூன்று வண்டிகளில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் கூட்டப்பட்டிருக்கிறது: ரயிலில் 55 நிமிடம், நகரப் பேருந்தில் 18, என்ட் டு என்டில் 100; மொத்தம் 173 நிமிடம், அதாவது 2 மணி 53 நிமிடம். காத்திருக்கும் நேரம் எங்குமே கணக்கில் சேரவில்லை. சாலை வரைபடத்துக்கு எழுதப்பட்ட நிரலை அப்படியே அட்டவணைக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். சாலையில் ஒரு துண்டைக் கடக்கும் நேரம் எப்போது போனாலும் ஏறக்குறைய ஒன்றே என்று கொள்ளலாம். பேருந்து வழித்தடத்தில் அப்படிக் கொள்ள முடியாது. வண்டி போய் ஒரு நிமிடம் கழித்து வருபவருக்கு அதே துண்டு அரை மணி நேரம் நீண்டுவிடும்.

திருத்தம் எளிது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிரல் வைத்திருக்கும் குறிப்பு "இதுவரை ஆன நிமிடங்கள்" என்று இருக்கக் கூடாது, "இங்கு வந்து சேரும் கடிகார நேரம்" என்று இருக்க வேண்டும். இரு நிறுத்தங்களுக்கு இடையிலான இணைப்பும் நிலையான எண்ணாக இல்லாமல், "இன்ன நேரத்துக்கு இங்கே நின்றால் அங்கே எப்போது சேரலாம்" என்று பதில் சொல்லும் சார்பாக மாற வேண்டும். டைக்ஸ்ட்ராவின் மற்றப் பகுதிகளைத் தொட வேண்டியதில்லை. மிகக் குறைந்த வருகை நேரம் உள்ள நிறுத்தத்தை வரிசையிலிருந்து எடுத்து முடிவு செய்வது, அதிலிருந்து கிளம்பும் இணைப்புகளை விரிப்பது எல்லாம் அப்படியே இருக்கும்.

அறிகுறி: வருகை 10:50 என்கிறது

இந்த விடையைக் கேட்டுப் போகிறவர் 8:45 வண்டியை நிச்சயம் தவறவிடுவார். நிரல் அவரை 8:15-க்கு ரயிலிலிருந்து இறக்கி, 8:18 நகரப் பேருந்தில் ஏற்றி, 8:36-க்குப் புதிய பேருந்து நிலையம் சேர்த்து, 8:45-இல் அனுப்பிவிட்டது. மேடையிலிருந்து நிறுத்தம் வரை நடப்பதற்கு நேரமே தரவில்லை. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சந்திப்பு ரயில் நிலையமும் பேருந்து நிறுத்தமும் ஒரே பெயரில் இருப்பதால் இரண்டையும் ஒரே நிறுத்தமாகச் சேர்த்திருப்பார்கள். அல்லது `transfers.txt` கோப்பைப் படிக்காமல் விட்டிருப்பார்கள். அந்தக் கோப்பில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்:

```
from_stop_id,to_stop_id,transfer_type,min_transfer_time
TEN_RLY,TEN_JN_BUS,2,480
TVL_NBS,TVL_NBS,2,300
```

கடைசி நெடுவரிசையான `min_transfer_time`-இன் அலகு வினாடி. 8 நிமிடம் என்று நினைத்து 8 என்று எழுதியவர்களின் நிரல், பயணி 8:15:08-க்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதாகச் சொல்லும். தேடலின் தடத்தை வினாடியோடு அச்சிட்டுப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். நிமிடமாகச் சுருக்கி அச்சிட்டால் தெரியாது.

மாறும் நேரத்தைச் சேர்த்த பிறகு இதன் மறுபக்கப் பிழை ஒன்று கிளம்பும். 8:30 நகரப் பேருந்து வண்ணார்பேட்டைக்கு 8:36-க்கு வந்து அதே நிமிடம் கிளம்புகிறது என்று கொள்வோம். எல்லா வருகைக்கும் மாறும் நேரத்தைக் கூட்டும்படி நிரல் எழுதியிருந்தால், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவரும் 8:36-க்குப் பிறகு சில நிமிடங்கள் கழித்துத்தான் "தயார்" ஆவார். அதற்குள் அவர் உட்கார்ந்திருக்கும் வண்டி கிளம்பிவிட்டதாக நிரல் முடிவு செய்து, அவரை அடுத்த வண்டிக்குக் காக்க வைக்கும். ஒரே வண்டியில் போக வேண்டிய பயணத்தை, ஒரே தட எண்ணுள்ள இரண்டு மூன்று வண்டிகளாக வெட்டி நிரல் காட்டினால் காரணம் இதுதான்.

இதற்கு நிறுத்தத்தை இரு அடுக்காகப் பிரிக்க வேண்டும். நிறுத்தத்தின் தரையில் நிற்பவருக்கு ஒரு கணு, அந்த வழித்தடத்து வண்டிக்குள் இருப்பவருக்கு இன்னொரு கணு. தரையிலிருந்து வண்டிக்கு ஏறும் இணைப்பில் மாறும் நேரம் இருக்கும், வண்டியிலிருந்து தரைக்கு இறங்குவது இலவசம், வண்டிக்கணுவிலிருந்து அடுத்த வண்டிக்கணுவுக்குப் போவதில் ஓட்ட நேரம் மட்டுமே. பயணம் தொடங்கும் முதல் நிறுத்தத்தில் மட்டும் ஏறுவதற்கு மாறும் நேரம் கேட்கக் கூடாது.

அறிகுறி: வருகை 11:05 என்கிறது

இந்த அறிகுறிதான் அதிகம் ஏமாற்றும். விடை சாத்தியமானது, போனால் 11:05-க்கு உண்மையிலேயே சேரலாம். ஆனால் 10 நிமிடம் முன்னதாகக் கொண்டுசேர்க்கும் என்ட் டு என்ட் கண்ணெதிரே நிற்கிறது. நெல்லையில் நாகர்கோவில் வண்டிக்காகக் காத்திருந்து பழகியவர் எவரும் 9:00 வண்டியை விட்டுவிட்டு 9:15-க்கு நிற்பார்; நிரலுக்கு அது தெரியவில்லை.

நிரலுக்குள் நடந்தது இது. பயணி 8:48-க்குப் புதிய பேருந்து நிலையம் சேர்கிறார், மாற 5 நிமிடம், 8:53-க்குத் தயார். இணைப்புச் சார்பு, 8:53-க்குப் பிறகு கிளம்பும் முதல் வண்டியைத் தேடி 9:00-ஐக் கண்டுபிடித்து, அதன் வருகையான 11:05-ஐத் திருப்பித் தந்துவிட்டது. முதலில் கிளம்பும் வண்டிதான் முதலில் சேரும் என்று அது நம்பிவிட்டது. ஒரு வண்டி இன்னொன்றை வழியில் முந்தும் தடங்களில் அந்த நம்பிக்கை பொய்த்துவிடும்.

"சாதாரண வண்டி நாங்குநேரியிலும் வள்ளியூரிலும் நிற்கும், என்ட் டு என்ட் நிற்காது, ஆகவே இரண்டும் வேறு வேறு இணைப்புகள்தானே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இடை நிறுத்தங்கள் முறையாக ஏற்றப்பட்டிருந்தால் இந்த இரு வண்டிகளும் மோதியிருக்காது. ஆனால் `stop_times.txt` கோப்பில் முதல், கடைசி நிறுத்தங்களுக்கு நேரம் கட்டாயம். இடையில் உள்ளவற்றுக்கு நேரத்தை வெற்றாக விடலாம், படிப்பவர் இடைக்கணித்து நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. அப்படி நிரப்பாமல் வெற்று நேரமுள்ள வரிகளைத் தூக்கிப் போடும் நிரலுக்கு, சாதாரண வண்டியும் என்ட் டு என்டும் ஒரே முனைகளுக்கு இடையே ஓடும் ஒரே இணைப்பாகிவிடுகின்றன. வள்ளியூர் என்ற ஊரே தேடலில் கிடைக்காமல் போவது இதன் துணை அறிகுறி.

இடைக்கணித்து நிரப்பினால் இந்தக் கேள்விக்கு விடை சரியாகிவிடும் என்றாலும் அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. ஒரே நிறுத்தங்களில் நிற்கும் இரு வண்டிகளும் ஒன்றையொன்று முந்தலாம். சார்பையே திருத்துவதுதான் முறை. கிளம்பும் நேரப்படி வரிசைப்படுத்திய பட்டியலைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஒருமுறை நடந்து, "இதிலிருந்து இறுதிவரை உள்ள வண்டிகளில் மிக முன்னதாகச் சேர்வது எது" என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்:

```python
from bisect import bisect_left

INF = float("inf")
best = arr[:]
for i in range(len(arr) - 2, -1, -1):
    best[i] = min(best[i], best[i + 1])

def arrive(t):
    i = bisect_left(dep, t)
    return best[i] if i < len(dep) else INF
```

நம் தரவில் `dep` என்பது 8:45, 9:00, 9:15. `arr` என்பது 10:50, 11:05, 10:55. பின்னோக்கி நடந்தால் `best` 10:50, 10:55, 10:55 என்று மாறுகிறது. 8:53-க்குக் கேட்டால் இரண்டாவது இடத்திலிருந்து 10:55 வருகிறது. எந்த வண்டி என்பதையும் கூடவே சேமிக்க வேண்டும். இல்லையென்றால் நேரம் 10:55 என்றும் வண்டி 9:00 என்றும் திரையில் முரணாக வரும்.

டைக்ஸ்ட்ரா முறைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். அம்முறை ஒரு நிறுத்தத்தின் வருகை நேரத்தை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மீண்டும் திறந்து பார்ப்பதில்லை. முன்னதாக வந்தவர் பிந்தி வந்தவரைவிட ஒருபோதும் நட்டப்பட மாட்டார் என்ற அடிப்படையில்தான் அது நிற்கிறது. பழைய சார்பிலோ 8:53-க்குத் தயாரானவர் 11:05-க்கும், 9:05-க்குத் தயாரானவர் 10:55-க்கும் சேர்கிறார்கள். அடிப்படையே கலைந்துவிட்டதால், வழிமுறையை எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும் விடை தவறும்.

இந்த முரண்பாட்டிலிருந்தே ஒரு நல்ல சோதனை பிறக்கிறது. ஒரே பயணத்தைக் காலை 5:00 முதல் இரவு 10:00 வரை ஒவ்வொரு நிமிடமும் கிளம்புவதாக வைத்துக் கேட்டு, வருகை நேரங்களை வரிசையாக எழுதுங்கள். அந்த வரிசை ஏறலாம், அப்படியே நிற்கலாம். ஒருபோதும் இறங்கக் கூடாது. புதிய பேருந்து நிலையத்திலிருந்தே கிளம்புவதாகக் கேட்டால், பழுதுள்ள நிரல் 8:55-க்கு 11:05 என்றும் 9:01-க்கு 10:55 என்றும் சொல்லி அங்கேயே மாட்டிக்கொள்ளும். சரியான விடை என்னவென்று நமக்குத் தெரியாத தடங்களிலும் இந்தச் சோதனை வேலை செய்யும் என்பதால், மற்றெல்லாச் சோதனைகளையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

டைக்ஸ்ட்ராவை விட்டு, 2012-இல் வெளிவந்த ராப்டர் முறைக்கு மாறினாலும் இந்தத் தொல்லை கூடவே வரும். ராப்டர் ஒரே நிறுத்த வரிசையுள்ள வண்டிகளை ஒரு தடமாகத் தொகுத்து, அத்தடத்தில் பிடிக்கக்கூடிய முதல் வண்டியை மட்டும் ஏறும். ஆகவே தரவை ஏற்றும்போதே, முந்தும் வண்டியைத் தனித் தடமாகப் பிரித்துவிட வேண்டும். அட்டவணை முழுவதையும் கிளம்பும் நேர வரிசையில் ஒரே ஓட்டமாக வருடும் முறைக்கு இந்தக் கவலை இல்லை. எல்லா ஓட்டங்களையும் அது பார்த்துவிடுகிறது. அதற்கு வேறொரு நோய் உண்டு. நகரப் பேருந்தின் அடுத்தடுத்த இரு நிறுத்தங்களுக்கு அட்டவணையில் ஒரே நிமிடம் போடப்பட்டிருந்தால், அத்துண்டுகளை எந்த வரிசையில் வருடுகிறோம் என்பது முக்கியமாகிறது. `stop_sequence` எண்ணையும் வரிசைப்படுத்தலில் சேர்க்காவிட்டால், வண்டி போய்ச் சேரும் இடம் விடையில் இருக்கும், நடுவிலுள்ள நிறுத்தம் ஒன்று மட்டும் எட்ட முடியாததாகிவிடும்.

அறிகுறி: 10:55 சரிதான், ஆனால் தேவையில்லாமல் வண்டி மாறச் சொல்கிறது

நிரல் ரயில், நகரப் பேருந்து, என்ட் டு என்ட் என்று மூன்று வண்டிகளைக் காட்டுகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து 7:25 நேரடிப் பேருந்தில் ஏறினால் 8:57-க்குப் புதிய பேருந்து நிலையம், மாற 5 நிமிடம், 9:15 வண்டியில் அதே 10:55. ஒரு மாற்றம் குறைவு, கிளம்புவதும் 5 நிமிடம் பிந்தி. பையோடும் பிள்ளைகளோடும் போகிறவர் இதைத்தான் கேட்பார்.

இது பிழை இல்லை. கேட்ட கேள்விக்கு நிரல் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. புதிய பேருந்து நிலையத்தில் அது ஒரே ஒரு வருகை நேரத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. 8:48, 8:57-ஐ வென்றுவிட்டதால் நேரடிப் பேருந்தின் சுவடே அழிந்துபோனது. இரு நேரங்களும் கடைசியில் ஒரே வண்டியில்தான் போய் முடிகின்றன என்பது அந்த இடத்தில் நின்று பார்க்கும்போது தெரியாது.

இங்குதான் ராப்டரின் சுற்று முறை கைகொடுக்கிறது. முதல் சுற்றில் ஒரே வண்டியில் எட்டும் இடங்களை மட்டும் குறிக்கிறது: புதிய பேருந்து நிலையம் 8:57. இரண்டாம் சுற்றில் இரண்டு வண்டிகளால் எட்டுபவை: புதிய பேருந்து நிலையம் 8:48 என்று மேம்படுகிறது, முதல் சுற்றின் 8:57-இலிருந்து வடசேரி 10:55 கிடைக்கிறது. மூன்றாம் சுற்றில் 8:48-இலிருந்து வடசேரிக்குப் போனாலும் அதே 10:55. முன்னேற்றம் இல்லாததால் அது பதிவாகாது. இரண்டு வண்டிகளால் முடியும் வழி தானாகவே நிலைக்கிறது. டைக்ஸ்ட்ராவிலேயே இருக்க விரும்பினால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வருகை நேரம், ஏறிய வண்டிகளின் எண்ணிக்கை என்ற இரண்டையும் இணையாக வைத்து, இன்னொரு குறிப்பை இரண்டில் எதிலும் வெல்லாத குறிப்பை மட்டும் அழிக்க வேண்டும்.

அறிகுறி: நள்ளிரவை ஒட்டி வண்டியே இல்லை என்கிறது

வடசேரியில் இரவு 11:30-க்குக் கிளம்பும் வண்டி நெல்லைக்கு மறுநாள் 1:15-க்கு வருகிறது என்றால், `stop_times.txt` கோப்பில் அது `25:15:00` என்று இருக்கும். அந்த வண்டி முந்தைய நாளின் சேவையைச் சேர்ந்தது. நிரல் இதை 24-ஆல் வகுத்து மீதியை எடுத்து 1:15 ஆக்கிவிட்டால், கிளம்புவதற்கு முன்பே வண்டி வந்துசேர்ந்துவிடும். எதிர்மறை நேரம் உள்ள இணைப்பை டைக்ஸ்ட்ரா தாங்காது. நேரங்களை நள்ளிரவிலிருந்து எண்ணிய வினாடிகளாக, 86400-ஐத் தாண்டினாலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துச் சரமாக ஒப்பிடுவதும் கூடாது. `9:00:00` என்று ஒற்றை இலக்கத்தில் எழுத விதி இடம் தருகிறது, சரமாக ஒப்பிட்டால் அது `10:00:00`-க்குப் பின்னால் போய் நிற்கும்.

வினாடியாக மாற்றிய பிறகும் ஒரு வெற்றிடம் மீதமிருக்கும். வெள்ளி இரவு கிளம்பிய அந்த வண்டி, வள்ளியூருக்குச் சனிக்கிழமை 0:20-க்கு வருவதாகக் கொள்வோம். அங்கே 0:10-க்கு நிற்பவர் கேட்கும்போது, நிரல் சனிக்கிழமைச் சேவைகளை மட்டும் ஏற்றினால் கோப்பில் `24:20:00` என்று இருக்கும் வெள்ளிக்கிழமை வண்டி கண்ணில் படாது. முந்தைய நாளின் சேவைகளையும் ஏற்றி, அவற்றின் நேரங்களிலிருந்து 86400-ஐக் கழித்துச் சேர்க்க வேண்டும். எந்தச் சேவை எந்த நாளில் ஓடும் என்று சொல்லும் `calendar.txt`, `calendar_dates.txt` இரண்டையும் அந்த முந்தைய நாளுக்கு அந்த நாளின் தேதியை வைத்தே சரிபார்க்க வேண்டும். கேட்ட நாளின் தேதியை வைத்துப் பார்த்தால், ஞாயிறு ஓடாத வண்டி சனி நள்ளிரவுக்குப் பின் பாதி வழியில் மறைந்துவிடும்.